ஆடிக்கு முன் எழுத வேண்டிய ஒரு பக்கம்

“சார், ஆடி வருது. போன வருஷத்தை விட கிராண்டா பண்ணணும். 50 சதவீதம் வரை தள்ளுபடி. சோஃபா, கட்டில், டைனிங் டேபிள் எல்லாமே வரணும். கடைப் பேரு பெருசா இருக்கட்டும், நாலு கிளை அட்ரஸும் போட்டுடுங்க. யூத்ஃபுல்லா இருக்கணும், ஆனா பாரம்பரியமும் விட்டுப்போகக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க.”

மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் ஃபர்னிச்சர் கடைகளிலிருந்து விளம்பர ஏஜென்சிகளுக்குப் போகும் வேலைக் குறிப்பு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு, அதோடு நான்கைந்து படங்கள். ஏஜென்சிக்காரர்கள் இதை ‘ப்ரீஃப்’ என்கிறார்கள். எழுதுபவர், டிசைனர், படம் எடுப்பவர் என்று அந்த வேலையைத் தொடப்போகிற எல்லோரும் இந்தக் குறிப்பை நம்பித்தான் தொடங்குகிறார்கள்.

இதற்குப் பதிலாக என்ன வரும் என்பதைச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு வரவேற்பறை ஒன்றில் கடையில் இல்லாத ஒரு சோஃபா. அதில் சிரித்தபடி ஒரு குடும்பம். மேலே ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பெயர்த்த ஒரு தலைப்பு. கீழே மஞ்சள் வட்டத்துக்குள் 50%. முதலாளி பார்த்துவிட்டு “ஏதோ குறையுது” என்பார். நிறம் மாறும், சோஃபா மாறும், வட்டம் பெரிதாகும். ஐந்தாவது திருத்தத்தில் ஆடி பிறந்துவிடும். இருப்பதைப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். ஏஜென்சிக்குத் திறமை போதவில்லை என்று கடையும், முதலாளிக்கு ரசனை இல்லை என்று ஏஜென்சியும் முடிவுக்கு வருவார்கள்.

இரண்டுமே தவறான முடிவு என்பது என் கருத்து. கடை எடுத்திருக்க வேண்டிய சில தீர்மானங்களை எடுக்காமல், அவற்றையும் ஏஜென்சி எடுத்துவிடும் என்று விட்டதுதான் இங்கே நடந்தது. 2021-இல் பெட்டர் ப்ரீஃப்ஸ் என்ற பெயரில் பல நாடுகளின் விளம்பரதாரர்களிடமும் ஏஜென்சிகளிடமும் ஓர் ஆய்வு நடந்தது. தாங்கள் நன்றாகவே ப்ரீஃப் எழுதுகிறோம் என்று விளம்பரதாரர்களில் 80 சதவீதம் பேர் சொன்னார்கள். அதை ஒப்புக்கொண்ட ஏஜென்சிகள் 10 சதவீதம்தான். பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலைமை என்றால், மார்க்கெட்டிங் மேனேஜரே இல்லாமல் முதலாளியும் அவர் மகனும் பார்த்துக்கொள்ளும் கடையில் இது நடப்பதில் வியப்பில்லை.

ஒரு மாதிரிக் கடையை வைத்து இதைப் பார்க்கலாம். ஈரோட்டில் தலைமைக் கடை. கோபி, பெருந்துறை, தாராபுரம் என மூன்று கிளைகள். கட்டில், பீரோ, சோஃபா, டைனிங் டேபிள், மெத்தை எல்லாம் விற்கிறார்கள். கோவையில் இருக்கும் ஓர் ஏஜென்சியிடம் ஆடி மாத விளம்பரத்தைக் கொடுக்கப்போகிறார்கள். கடையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இவை பழகியதாகவே இருக்கும்.

ப்ரீஃப் எழுத முதலில் எடுக்க வேண்டியது சென்ற ஆண்டின் பில் புத்தகம். ஆடியிலும் ஆவணியிலும் போட்ட பில்களை எடுத்து, பில் போட்ட முகவரியையும் சரக்கு இறக்கிய முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வாங்கியவர் தன் வீட்டுக்கு வாங்கியிருக்கிறார். பில் சென்னிமலையிலும் இறக்கியது பரமத்தி வேலூரிலும் என்றிருந்தால், அதிலும் கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் நான்கும் ஒரே பில்லில் இருந்தால், அது அநேகமாகக் கல்யாணச் சீர். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் எடுப்பவர்கள் ஆடியில்தான் கடை ஏறுகிறார்கள். தள்ளுபடியும் கிடைக்கிறது, ஆடிப்பெருக்கு அன்று பொருள் வாங்குவது நல்லது என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

நம் மாதிரிக் கடையில் சென்ற ஆடியில் இப்படி 140 சீர் பில்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் அது சிறிய பங்கு. ஆனால் ஒவ்வொன்றும் 70,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை. ஒற்றை நாற்காலியோ ஷூ ரேக்கோ தள்ளுபடிக்கு வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் வந்தாலும் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வரவில்லை. இந்த ஒரு மணி நேர வேலை விளம்பரத்தின் திசையையே மாற்றிவிடுகிறது. ‘எல்லோருக்கும் எல்லாம்’ என்றிருந்த குறிப்பு, ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டை நோக்கித் திரும்புகிறது.

அடுத்து விற்பனையாளர்களோடு உட்கார வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சீர் எடுக்க வருபவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கடைசியாக என்ன கேட்கிறார்கள்? விலை ஆரம்பத்திலேயே பேசி முடிந்துவிடும். மரத்தைத் தட்டிப் பார்ப்பதும் முடிந்துவிடும். கடைசியில் பெண்ணின் அப்பா கேட்பது வேறு. “என்னைக்கு வந்து சேருமுங்க? மாப்பிள்ளை வீடு மாடி, ஏத்தித் தந்துருவீங்களா? ஆள் வந்து பூட்டித் தருவாங்களா, இல்ல நாங்க ஆள் பாக்கோணுமா?” சம்பந்தி வீட்டு வாசலில் பாதி பிரித்த அட்டைப் பெட்டிகள் கிடக்க, கட்டிலைப் பூட்ட ஆள் வராமல் நிற்கும் காட்சிதான் அவருடைய பயம். அந்தப் பயத்தை ஷோரூமில் இருக்கும் விற்பனையாளர் தினமும் கேட்கிறார். கோவையில் உட்கார்ந்திருக்கும் காப்பிரைட்டருக்கு அது எட்ட வாய்ப்பே இல்லை. ப்ரீஃப் என்று ஒன்று இருப்பதே இதை எட்ட வைக்கத்தான்.

விலை கேட்டு கொட்டேஷன் வாங்கிப் போய்த் திரும்பி வராதவர்களில் பத்துப் பதினைந்து பேருக்கு ஃபோன் செய்து எங்கே வாங்கினார்கள், ஏன் என்று கேட்டால் இன்னும் நல்லது. பெரிய நகரத்துக் கடைச் சங்கிலியிடம் போனார்களா, ஆன்லைனில் வாங்கினார்களா, ஊர் ஆசாரியிடமே செய்துகொண்டார்களா என்பது தெரியும். போட்டி யார் என்பதை முதலாளி நினைப்பதும் வாடிக்கையாளர் சொல்வதும் பல கடைகளில் பொருந்துவதில்லை. எதிர்த் தெருக் கடையைப் பற்றியே முதலாளி யோசித்துக்கொண்டிருப்பார். போனவர்களில் பாதிப் பேர் ஆசாரியிடம் போயிருப்பார்கள்.

இதெல்லாம் கையில் வந்த பிறகுதான் நோக்கத்தை எழுத முடியும். ‘விற்பனை கூட வேண்டும்’ என்பதை நோக்கமாக எழுதினால் ஏஜென்சிக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. விளம்பரத்தால் ஆளைக் கடை வாசல் வரை கொண்டுவர முடியும். உள்ளே வந்தவருக்கு விற்பது விலை, சரக்கு, விற்பனையாளர் எல்லாம் சேர்ந்த காரியம். ஆகவே விளம்பரத்திடம் எதைக் கேட்பது நியாயமோ அதை எழுத வேண்டும். ‘ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார் ஆடிப் பதினெட்டுக்குள் எங்கள் கடைக்கு வந்து பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு ஆடியில் 140 சீர் முன்பதிவுகள். இந்த ஆண்டு 180.’ யார், எப்போது, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு என்ற நான்கும் இதில் இருக்கின்றன.

இனி வருவதுதான் முதலாளிக்குக் கடினமான இடம். விளம்பரம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எழுத வேண்டும். தரம், விலை, டிசைன், இருபது வருட அனுபவம், இஎம்ஐ வசதி, நான்கு கிளைகள் எல்லாமே உண்மைதான், எல்லாமே பெருமைதான். ஆனால் ஆறையும் சொல்லும் விளம்பரத்தில் எதுவும் மனதில் தங்குவதில்லை. போதாததற்கு, ஊரில் உள்ள எல்லாக் கடைகளும் அதே ஆறையும் ஆடியில் சொல்கின்றன. கடையின் பெயரை மறைத்துவிட்டு, அந்த இடத்தில் எதிர்க்கடையின் பெயரை எழுதினாலும் வாக்கியம் பொருந்துமானால், அது நம் ப்ரீஃப்புக்கு உரிய வாக்கியம் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். ‘தரமான ஃபர்னிச்சர் நியாயமான விலையில்’ இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும்.

பெண்ணின் அப்பா கேட்ட கேள்விக்குப் பதிலே நம் வாக்கியமாகலாம். ‘நீங்கள் குறித்துக் கொடுக்கும் நாளில் சீர் மாப்பிள்ளை வீட்டில் பூட்டித் தயாராக நிற்கும்.’ கேட்க நன்றாக இருக்கிறது. இதை ஏஜென்சிக்கு அனுப்புவதற்கு முன் டெலிவரி பார்ப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், முடியுமா என்று.

கடைக்குச் சொந்தமாக மூன்று வண்டிகள். ஒரு வண்டி, கூடவே போகும் பூட்டுகிற ஆட்களோடு, ஒரு நாளில் மூன்று வீடுகளை முடிக்கும். ஆக நாளுக்கு ஒன்பது வீடு. சென்ற ஆவணியின் பெரிய முகூர்த்தம் ஒன்றுக்கு மட்டும் 22 சீர்கள் போயிருக்கின்றன. எல்லோரும் முதல் நாளையே குறித்துக் கொடுத்தால் 13 வீடுகளில் கடையின் வாக்குப் பொய்க்கும். அதுவும் கல்யாண வீட்டில், சம்பந்தி முன்னால். ஆகவே அந்த வாக்கியம் அப்படியே நிற்காது. முகூர்த்தத்துக்கு முந்தைய நான்காம், மூன்றாம், இரண்டாம் நாட்களில் பிரித்து அனுப்பினால் 27 வீடுகள் வரை தாங்கும். அப்போது வாக்கியம் இப்படியாகிறது: ‘முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே சீர் மாப்பிள்ளை வீட்டில் பூட்டித் தயாராக நிற்கும்.’ முதல் வாக்கியத்தை விட இது பலமானது. வீட்டாருக்கு மனநிம்மதி கூடுகிறது, கடைக்கும் முடிகிற காரியமாக இருக்கிறது. கூடவே எல்லையையும் எழுதிவிட வேண்டும்: ஈரோட்டிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் மட்டும், ஒரு முகூர்த்தத்துக்கு 27 சீர்களுக்கு மேல் இந்த உறுதியோடு எடுப்பதில்லை.

இந்தக் கணக்கைப் போடாமல் எழுதப்படும் ப்ரீஃப்புகளால்தான், பார்க்க அழகாக இருந்தும் பயன்படுத்த முடியாத விளம்பரங்கள் வருகின்றன. ஏஜென்சிக்கு உங்கள் வண்டிகளின் எண்ணிக்கை தெரியாது. அவர்கள் வாக்கை இன்னும் கவர்ச்சியாக்கவே பார்ப்பார்கள், அது அவர்கள் தொழில். எது வரை போகலாம் என்ற கோட்டைக் கடைதான் போட வேண்டும். சொல்வதற்கு ஆதாரமும் கொடுக்க வேண்டும். நாள் குறித்து எழுதித் தரும் முன்பதிவுச் சீட்டு, சொந்த வண்டிகள், கடையின் சம்பளத்தில் இருக்கும் பூட்டுகிற ஆட்கள். நம்ப வைப்பவை இவைதாம். ‘நம்பகமானவர்கள்’ என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. நாள் எழுதிய சீட்டைக் காட்டினால் நம்புவார்கள்.

யாரிடம் பேசுகிறோம் என்பதையும் ஒரு மனிதராக எழுதுவது நல்லது. ‘வயது 45 முதல் 60, நடுத்தர வருமானம்’ என்று எழுதினால் டிசைனருக்கு முகம் தெரியாது. சென்னிமலைப் பக்கம் தறி வைத்திருப்பவர், மூத்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், பணம் கொடுப்பது அவர், மரத்தையும் பீரோவின் கதவையும் சோதிப்பது அவர் மனைவி, நிறமும் டிசைனும் பெண்ணின் கைபேசியில் ஏற்கனவே இருக்கின்றன. இப்படி எழுதினால் எந்த ஊடகத்தில் யாருக்கு எதைச் சொல்வது என்பதே ஏஜென்சிக்குத் தெளிவாகிவிடும். நாளிதழில் அப்பா, பெண்ணின் கைபேசியில் செங்குத்துப் படம்.

சீரை வைத்து விளம்பரம் செய்யும்போது ஒரு கோட்டை அழுத்தமாகப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்பதாகவோ, குறைந்தால் பெண்ணுக்கு மரியாதை குறையும் என்றோ ஒரு சொல்லும் ஒரு படமும் வரக் கூடாது. 1961-இலிருந்து வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கிறது என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. பெண்ணைப் பெற்றவரின் பயத்தைத் தூண்டிக் காசு பார்ப்பது வேறு, அவருடைய கவலையைக் குறைத்துக் காசு வாங்குவது வேறு. ப்ரீஃப்பில் ‘கூடாதவை’ என்ற இடத்தில் முதல் வரியாக இதை எழுதலாம்.

தொனியைப் பற்றி ‘கிராண்ட்’, ‘யூத்ஃபுல்’, ‘ட்ரெண்டி’ என்று எழுதுவதால் பயன் இல்லை. ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு கிராண்ட். அதற்குப் பதில், யார் பேசுவதைப் போல இருக்க வேண்டும் என்று சொன்னால் எழுதுபவர் பிடித்துக்கொள்வார். ‘பல கல்யாணங்களை முன்னின்று நடத்திய மாமா ஒருவர், அவசரப்படாமல், சத்தம் போடாமல் பேசுவது போல.’ இதோடு இன்னொரு வரியும் வேண்டும்: தலைப்புகள் தமிழிலேயே பிறக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி ஒப்புதல் வாங்கிய பிறகு தமிழாக்குவது பல ஏஜென்சிகளில் வழக்கம். ஆகவே முதல் சந்திப்பிலேயே தமிழ்த் தலைப்புகளைத்தான் பார்ப்போம் என்று எழுதிவிட வேண்டும்.

தள்ளுபடியை விட்டுவிட முடியாது, ஆடி அது. ஆனால் அதைத் தலைமை இடத்திலிருந்து இறக்கி, விவரமாகக் கொடுக்க வேண்டும். எந்த மாடல்கள், பழைய விலை என்ன, புதிய விலை என்ன, எத்தனை கையிருப்பு, எந்தத் தேதி வரை. கிடங்கில் கிடக்கும் இரண்டு டைனிங் டேபிளுக்கு மட்டும் பாதி விலை போட்டுவிட்டு ‘50% வரை’ என்று முழங்குவது இப்போது சட்டச் சிக்கலும்கூட. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள், சொன்ன விலையில் கொடுக்கப் போதிய சரக்கு இல்லாமல் ஆளை இழுக்கும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரத்தில் உரிமை கொண்டாடிய அதே மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. தமிழில் பெரிதாகத் தள்ளுபடியைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடும் பழைய வழக்கத்தை விட வேண்டியதுதான். இந்த நெறிகள் ஏஜென்சிக்கும் பொருந்தும். ஆகவே விவரம் கொடுத்தால் அவர்களும் மகிழ்வார்கள்.

மரத்தின் பெயரும் அப்படித்தான். தேக்கு தேக்காக இருக்கும் மாடலுக்கு மட்டும் தேக்கு என்ற சொல். ரப்பர்வுட்டை ரப்பர்வுட் என்றும், எம்.டி.எஃப். பலகையில் செய்ததை அப்படியே என்றும் மாடல் வாரியாக எழுதிக் கொடுத்தால், ‘அசல் மரம்’ என்று யாரும் ஆர்வத்தில் எழுதிவிட மாட்டார்கள்.

படங்களுக்கு ஒரே விதி போதும்: கடையில் இருக்கும் மாடல்கள் மட்டும். இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு “இந்தக் கட்டில் எங்கே?” என்று கேட்டு வருபவரிடம் விற்பனையாளர் என்ன பதில் சொல்வார்? ஆடியில் போதிய சரக்கு இருக்கும் மூன்று செட்களைக் கடையே தேர்ந்தெடுத்து, மாடல் எண்ணோடு கொடுத்து, அவற்றைப் படமெடுக்கச் சொல்லலாம். நாளிதழில் வருமானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும். கைபேசித் திரையில் ரேகை ரேகையாகத் தெரியும் அடர்ந்த மரநிறம் அச்சில் ஒரே கறுப்புத் திட்டாக வந்துவிடும். வெளிர்நிற மரத்தையோ, பின்னணி வெளிச்சமாக இருக்கும் படத்தையோ தேர்வது பாதுகாப்பு.

அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்த இதழில் எத்தனை சென்டிமீட்டர் அகலம் உயரம், ஹோர்டிங் எத்தனை அடி, வானொலிக்கு எத்தனை நொடி, கைபேசிக்கு எந்த அளவு என்பதை விளம்பர இடம் பிடிப்பவரிடம் கேட்டு ஒரே தாளில் கொடுத்துவிட வேண்டும். கால் பக்கத்துக்கு யோசித்த விளம்பரத்தை ஹோர்டிங்குக்கு இழுத்தால் ஓடும் வண்டியிலிருந்து ஒருவரும் படிக்க முடியாது. அதைத் தனியாக யோசிக்கச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துருச் சிக்கலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கடையிலிருந்து போகும் வாசகம் யூனிகோடில் இருக்கட்டும். அச்சுக்கு வரும் கோப்பில் எழுத்துகள் கோட்டுருவாக மாற்றப்பட்டிருக்கட்டும். பழைய எழுத்துருக்கள் இன்னொரு கணினியில் திறந்ததும் சிதைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதை அச்சகங்களில் இன்றும் பார்க்கலாம்.

எல்லாம் சேர்ந்தபின் நம் மாதிரிக் கடையின் ப்ரீஃப் ஒரு பக்கத்தில் இப்படி வந்து நிற்கிறது.

“வேலை: ஆடி மாத விளம்பரம். நோக்கம்: ஆவணிக் கல்யாண வீட்டார் ஆடிப் பதினெட்டுக்குள் கடைக்கு வந்து சீர் முன்பதிவு செய்ய வேண்டும், சென்ற ஆண்டு 140, இந்த ஆண்டு 180. யாருக்கு: ஈரோடு மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யும் பெற்றோர், 70,000 முதல் ஒரு லட்சம் வரை செலவிட நினைப்பவர்கள், சரக்கு நேரத்துக்குச் சம்பந்தி வீடு போய்ச் சேருமா என்பது அவர்கள் கவலை. இப்போது எங்களைப் பற்றி நினைப்பது: பழைய கடை, பொருள் நன்றாக இருக்கும், ஆனால் டெலிவரியைப் பற்றித் தெரியாது. சொல்ல வேண்டியது: முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே சீர் மாப்பிள்ளை வீட்டில் பூட்டித் தயாராக நிற்கும். ஆதாரம்: நாள் எழுதிய முன்பதிவுச் சீட்டு, சொந்த வண்டிகள் மூன்று, எங்களுடைய பூட்டுகிற ஆட்கள். எல்லை: 150 கிலோமீட்டர், முகூர்த்தத்துக்கு 27 சீர். தொனி: கல்யாணங்களை முன்னின்று நடத்திய மாமாவின் பேச்சு. கட்டாயம்: இணைப்பில் உள்ள மூன்று செட்கள், அவற்றின் மரம், விலை, தேதி. கூடாதவை: மாப்பிள்ளை வீட்டார் கேட்பதான தோற்றம், இணையப் படங்கள், ஆங்கிலத் தலைப்பு. பட்ஜெட்: 12 லட்சம், இதில் தயாரிப்புக்கு 2 லட்சம். ஒப்புதல்: ஒருவர் மட்டும்.”

பட்ஜெட்டைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள், சொன்னால் முழுவதையும் செலவழித்துவிடுவார்கள் என்று. சொல்லாவிட்டால் ஏஜென்சி நடிகர் ஒருவரை வைத்து ஒரு திட்டத்தைக் கொண்டுவரும், இரண்டு வாரம் வீணாகும். ஒப்புதல் தருபவர் ஒருவர் என்பதும் அதே போல் நேரத்தைக் காக்கும் வரி. மனைவி, மருமகன், மேனேஜர் எல்லோருடைய கருத்தையும் கேட்கலாம். ஆனால் அவற்றைக் கடைக்குள்ளேயே பேசித் தீர்த்து, ஒருவர் வாயால் ஒரு முறை சொல்ல வேண்டும். தேதிகளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது என்றால் ப்ரீஃப் மே கடைசிக்குள் போய்விட வேண்டும். யோசிக்க இரண்டு வாரம், படமெடுக்கவும் திருத்தவும் இரண்டு வாரம், அச்சுக்கும் ஹோர்டிங் ஏற்றவும் இரண்டு வாரம் வேண்டும்.

தாளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது. ஏஜென்சியில் எழுதப்போகிறவரையும் டிசைனரையும் கடைக்கு வரவழைத்து, ஒரு சீர் டெலிவரி வண்டியில் ஏற்றி அனுப்பலாம். குறுகிய மாடிப்படியில் பீரோவை நிமிர்த்தி ஏற்றுவதையும், பூட்டி முடித்த ஆள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவதையும் பார்த்தவருக்குத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிடலாம். வந்தவர்கள் ப்ரீஃப்பைத் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். அவர்கள் சொல்வதில் தள்ளுபடி முதலில் வந்தால், தாளில் ஏதோ தெளிவில்லை என்று பொருள்.

முதல் யோசனைகள் வரும்போது மேசையில் ப்ரீஃப் இருக்க வேண்டும். ஒரு யோசனை, மணமகள் அலங்காரத்தோடு கட்டிலில் அமர்ந்திருக்கும் பெரிய படம். அழகாக இருக்கிறது, ஆனால் எந்தக் கடைக்கும் பொருந்தும். டெலிவரி அதில் எங்கும் இல்லை. இன்னொன்று, முகூர்த்தப் பத்திரிகை வடிவில் ஒரு விளம்பரம். கல்யாண நாளுக்கு மேலே இரண்டு நாள் முந்தைய தேதி, ‘இன்று உங்கள் சீர் பூட்டியாயிற்று’ என்று. பொருள் படம் சிறியதாக இருக்கிறதே என்று முதலாளிக்குத் தோன்றும். ஆனால் ப்ரீஃப் கேட்டதை இதுதான் செய்கிறது. இங்கே “படத்தைப் பெரிசு பண்ணுங்க” என்று சொல்வதை விட, “மூன்று செட்டும் எங்கள் கடையில் இருப்பது பார்த்ததும் தெரியவில்லை” என்று குறையைச் சொன்னால், தீர்வை அவர்கள் தேடிவருவார்கள். ஆசாரியிடம் கட்டில் செய்யக் கொடுப்பவர் அளவைச் சொல்வார், உளியை எங்கே வைப்பது என்று சொல்வதில்லை.

கையெழுத்திடும் முன் இன்னொரு விஷயம். காசு கொடுத்துவிட்டதால் எல்லாம் நமக்குச் சொந்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படங்களுக்கும் படங்களுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் ஏஜென்சி ஊழியர் எழுதிய வாசகத்துக்கு அது தானாகப் பொருந்தாது. எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அடுத்த ஆடிக்கும் அதே தலைப்பைப் பயன்படுத்த எண்ணமிருந்தால், திருத்தக்கூடிய மூலக் கோப்புகளோடு உரிமையையும் காலத்தையும் ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். மாடல்களாக நடித்தவர்களின் படங்களை எத்தனை மாதம், எந்தெந்த ஊடகத்தில் போடலாம் என்பதும் இதில் சேரும்.

விளம்பரம் வெளியான பிறகு, அட்வான்ஸ் வாங்கும் மேசையில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். சீர் எடுக்க வருபவரிடம் இரண்டே கேள்விகள்: எங்களைப் பற்றி எதைப் பார்த்து வந்தீர்கள், எதற்காக எங்களிடம் எடுக்கிறீர்கள்? அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். 180 எட்டியும் “தள்ளுபடிக்காக வந்தோம்” என்றே பெரும்பாலோர் சொன்னால், டெலிவரி என்ற வாக்கு போய்ச் சேரவில்லை. ஆடி தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவே. எண்ணிக்கை 160-இல் நின்றும் “நாள் எழுதித் தர்றீங்களாமே” என்று கேட்டு வந்தவர்கள் நிறைய இருந்தால், அந்த வாக்கியத்தை மாற்றாமல் தைக் கல்யாணங்களுக்கும் கொண்டுபோகலாம். அதற்கான ப்ரீஃப்பை ஐப்பசி முடிவதற்குள் எழுதத் தொடங்க வேண்டியிருக்கும். அதற்குள் நான்காவது வண்டி வாங்குவதா என்பதையும் தீர்மானித்துவிட வேண்டும், தாளில் 27 என்ற எண் இருக்கும் இடத்தில் எதை எழுதுவது என்பது அதைப் பொறுத்தது.